எந்த வரிசையில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது?

மாணவர் சேர்க்கை விவரங்களை எக்செல் தாளில் சேர்க்கிறோம். B முதல் H வரை ஏழு பத்திகள். அவற்றில் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், கைபேசி, முகவரி ஆகிய ஐந்தும் கட்டாயம். மின்னஞ்சலும் ரத்தப் பிரிவும் விருப்பம். முதல் வரிசையில், கட்டாயப் பத்திகளின் தலைக்கு மேல் மட்டும் "ஆம்" என்று எழுதுங்கள். இரண்டாம் வரிசை தலைப்புகளுக்கு. I3 கட்டத்தில் இதை இட்டு, சதவீத வடிவம் கொடுத்து, கீழே இழுத்துவிடுங்கள்:

```
=SUMPRODUCT(($B$1:$H$1="ஆம்")*(LEN(TRIM(B3:H3))>0))/COUNTIF($B$1:$H$1,"ஆம்")
```

பலர் COUNTA போதும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரு மாணவிக்குப் பெயர், பிறந்த தேதி, கைபேசி மூன்றும் இருக்கின்றன. முகவரியில் யாரோ இடைவெளிப் பொத்தானை மட்டும் தட்டியிருக்கிறார். பெற்றோர் பெயர் காலி. கட்டாயக் கட்டங்களை மட்டும் கொடுத்தால்கூட COUNTA அந்த வெற்று இடைவெளியையும் எண்ணி 80% என்னும். மேலே உள்ள வாய்பாட்டில் TRIM இடைவெளியை நீக்கிவிடுவதால் 60% வரும். மின்னஞ்சலை நிரப்பினாலும் இந்த எண் ஏறாது.

கூகுள் ஷீட்ஸிலும் இதே வாய்பாடு ஓடும். ஆனால் அங்கே டிக் போடும் கட்டம் கட்டாயப் பத்தியாக இருந்தால் கவனம் தேவை: டிக் போடாத கட்டத்துக்குள்ளும் FALSE என்ற மதிப்பு இருப்பதால், அது நிரம்பியதாகவே கணக்காகும். ஒன்பது இலக்கக் கைபேசி எண்ணும் அப்படித்தான். சரிதானா என்று இந்தச் சதவீதம் பார்ப்பதில்லை.