முப்பத்தைந்து வயதுக்கு வைத்த குறி

அழகுச் சந்தை – 11

1990களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்கு ஒரு பழைய கிரீம் தலைவலியாக இருந்தது. பெயர் ஆயில் ஆஃப் ஓலே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், 1950களின் தொடக்கத்தில் கிரஹாம் வுல்ஃப் என்ற வேதியியலாளர் உருவாக்கிய இளஞ்சிவப்புத் திரவம் அது. பல கைகள் மாறி 1985இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளிடம் வந்து சேர்ந்தது. அதற்குள் அதை வாங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கும் வயதாகிவிட்டது. ‘ஆயில் ஆஃப் ஓல்ட் லேடி’, அதாவது கிழவியின் எண்ணெய் என்று கேலி பேசும் அளவுக்கு அதன் பெயர் சரிந்திருந்தது.

அந்தப் பண்டத்தை மீட்டெடுத்த கதையை, நிறுவனத்தின் தலைவராக இருந்த ஏ.ஜி.லாஃப்லியே 2013இல் ஒரு நிர்வாகவியல் புத்தகத்தில் ரோஜர் மார்ட்டினுடன் சேர்ந்து எழுதினார். அவர்களுக்கு அது வியாபார வெற்றியின் கதை. முப்பதுகளில் இருக்கும் பெண்ணுக்கோ அது வேறு ஒன்றைச் சொல்கிறது. கண்ணாடி முன் நிற்கும்போது அவள் மனதில் எழும் கலக்கம் எந்த மேசையில், எந்தக் கணக்கோடு திட்டமிடப்பட்டது என்பதை அதில் படிக்கலாம்.

அதுவரை சுருக்கத்துக்கான கிரீம் என்றால் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு என்பதே சந்தையின் வழக்கம். ஓலே குழுவின் ஆய்வு வேறொரு வயதைக் காட்டியது: முப்பத்தைந்து. கண்ணோரத்தில் முதல் கோடு தென்படும் வயது. அந்தக் கட்டத்தில் இருக்கும் பெண்கள் சரும விஷயத்தில் அதிக அக்கறை காட்டுகிறார்கள், புதிதாக எதையும் முயன்று பார்க்கிறார்கள், நல்ல பொருள் என்று நம்பினால் கூடுதலாகவும் செலவழிக்கிறார்கள். அவர்களைப் பிடித்தால் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு வாடிக்கை நிலைக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். முப்பத்தைந்து வயதில் பெரும்பாலான பெண்களின் முகத்தில் சொல்லிக்கொள்ளும்படி சுருக்கம் எதுவும் இருக்காது. சுருக்கத்தை மட்டும் காட்டி விற்றால் சந்தை சிறியது. எனவே முதுமையின் இலக்கணம் மாற்றி எழுதப்பட்டது. 1999இல் ‘ஓலே டோட்டல் எஃபெக்ட்ஸ்’ வந்தபோது அதன் விளம்பரம் ‘முதுமையின் ஏழு அறிகுறிகள்’ என்றது. மெல்லிய கோடுகளும் சுருக்கமும், சொரசொரப்பு, சீரற்ற நிறம், பொலிவின்மை, வெளியே தெரியும் துளைகள், புள்ளிகள், வறட்சி ஆகியவைதான் அந்த ஏழு.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பார்க்க வேண்டும். மூக்கின் இரு பக்கமும் உள்ள துளைகள் பருவ வயதிலேயே தெரியத் தொடங்குகின்றன. எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் அவை. வறட்சி மார்கழிக் குளிரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வரும். இரண்டு நாள் தூக்கம் கெட்டால் பொலிவின்மை வரும். பிரசவத்துக்குப் பின்னும் முகப்பரு ஆறிய பின்னும் நிறம் திட்டுத்திட்டாக மாறும். இவற்றில் எதுவும் முதுமைக்கே உரியதல்ல. ஆனால் ஏழையும் ஒரே தலைப்பின் கீழ் அடுக்கிவிட்டால், எந்த முகத்திலும் இரண்டு மூன்றாவது கிடைத்துவிடும். நேற்றுவரை சாதாரணமாக இருந்த ஒரு துளை, விளம்பரத்தைப் பார்த்த பிறகு வயதாவதன் சாட்சியாகிறது. பெண்ணின் முகம் மாறவில்லை. அதைப் படிக்கும் முறையை அவளுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

விலையிலும் பாடம் இருக்கிறது. அன்றைய அமெரிக்க மருந்துக் கடைகளில் இத்தகைய கிரீம்கள் பொதுவாக 8 டாலருக்குள் கிடைத்தன. பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் கண்ணாடிக் கவுன்ட்டர்களில் 30 டாலரும் அதற்கு மேலும். ஓலே குழு ஒரே கிரீமை மூன்று விலைகளில் சோதித்துப் பார்த்தது. 12.99 டாலர் என்றபோது வாங்கும் ஆர்வம் நன்றாகவே இருந்தது. 15.99 என்றபோது சட்டென்று விழுந்தது. 18.99 என்றபோது மீண்டும் ஏறியது, அதுவும் முதல் விலையைவிட உயரமாக. இடைப்பட்ட விலை மருந்துக் கடை வாடிக்கையாளருக்கு அதிகம். பெரிய கடை வாடிக்கையாளருக்கு நம்ப முடியாத அளவு குறைவு. 18.99 என்ற எண்ணைப் பார்த்ததும் ‘இதில் ஏதோ சரக்கு இருக்கிறது’ என்ற எண்ணம் பிறந்தது. டப்பாவுக்குள் இருந்தது மாறவே இல்லை. அந்த விலையே நிலைத்தது. அழகுப் பத்திரிகை ஆசிரியர்களையும் தோல் மருத்துவர்களையும் பேச வைத்தார்கள். கிழவியின் எண்ணெய் உலகின் மிகப் பெரிய சருமப் பண்டங்களில் ஒன்றானது.

பின்னர் அதே ஏழு அறிகுறிகள் இந்தியாவுக்கும் வந்தன. இங்கே பொருத்தம் இன்னும் குறைவு. மெலனின் கூடுதலாக உள்ள தோலில் வெயிலின் பாதிப்பு முதலில் நிறமாற்றமாகவே தெரிகிறது. சுருக்கம் வெளிர்தோலைவிடப் பல ஆண்டுகள் தாமதித்தே வரும். ஐரோப்பியத் தோலுக்குரிய கால அட்டவணையை மதுரையிலும் கோவையிலும் இருக்கும் முப்பது வயதுப் பெண்ணின் தலையில் கட்டுவது அநியாயம்.

இனி, டப்பாவின் மேல் உள்ள வாசகம். பெரும்பாலான கிரீம்களில் ‘சுருக்கத்தைக் குறைக்கும்’ என்று நேராக இருக்காது. ‘சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்கும்’ என்றே இருக்கும். இதற்குக் காரணம் சட்டம். அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடலின் அமைப்பையோ செயல்பாட்டையோ மாற்றும் என்று சொல்லி விற்றால் அது மருந்து. சோதனைகளோடு அனுமதி பெற வேண்டும். தோற்றத்தை மட்டும் மாற்றினால் அழகுசாதனம். இந்தியாவின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் அழகுசாதனத்தைத் தோற்றத்தோடு சேர்த்தே வரையறுக்கிறது. அந்த ஒரு சொல் நிறுவனத்துக்குக் கவசம். படிக்கும் பெண்ணின் கண்ணோ அதைத் தாண்டி ‘சுருக்கம்’, ‘குறைக்கும்’ என்ற இரண்டில் மட்டும் நிற்கிறது.

சில சமயம் கவசத்தையும் மீறுவார்கள். 2009இல் லோரியால் குழுமத்தின் லான்கோம், அமெரிக்காவில் ‘ஜெனிஃபிக்’ என்ற சீரத்தை இறக்கியது. மரபணுக்களின் செயல்பாட்டைத் தூண்டி, ஏழே நாளில் இளமையான சருமம் தரும் என்றது விளம்பரம். ஒரு புட்டி 132 டாலர் வரை விற்றது. ‘85 சதவீதப் பெண்களுக்கு ஒளிரும் சருமம், 82 சதவீதத்தினருக்குச் சீரான நிறம், 91 சதவீதத்தினருக்கு மென்மை’ என்று பட்டை வரைபடமும் போட்டார்கள். மரபணு பற்றிய அந்தக் கூற்றுகள் பொய்யானவை அல்லது ஆதாரமற்றவை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 2014 ஜூனில் நிறுவனம் சமரச உடன்பாட்டுக்கு வந்து, தக்க அறிவியல் ஆதாரமின்றி அப்படிச் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டது. ஐந்து ஆண்டு விற்பனைக்குப் பிறகு.

இத்தகைய சதவீதங்களைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அளந்தது கருவியா, அல்லது பூசிக்கொண்ட பெண்களின் அபிப்பிராயமா? இந்தக் கிரீமை எதனுடன் ஒப்பிட்டார்கள்? இரண்டாவது கேள்வியில்தான் பல விளம்பரங்கள் தடுமாறும். ஏனென்றால் எந்தச் சாதாரண மாய்ஸ்சரைசரும் பூசிய சில மணி நேரத்தில் வேலை செய்கிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்க, தோலின் மேலடுக்கு சற்றே உப்புகிறது. வறட்சியால் தெரிந்த மெல்லிய கோடுகள் மறைகின்றன. சிலிகோன் பள்ளங்களை நிரப்புகிறது. மைக்கா துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் எதுவும் பூசாமல் இருந்தால் பழைய கோடு திரும்பும். ‘விட்டால் முகம் கெட்டுவிடுகிறது’ என்று பயந்து அடுத்த டப்பா வாங்குகிறவர்கள் உண்டு. உண்மையில் கெட்டது எதுவும் இல்லை. உப்பல் வடிந்திருக்கிறது, அவ்வளவுதான். 150 ரூபாய் கிரீமுக்கும் 3000 ரூபாய் கிரீமுக்கும் இந்த வேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது.

அப்படியானால் எதுவுமே பலன் தராதா? தரும். சுருக்கத்தில் கணிசமான பங்கு வயதால் அல்ல, வெயிலால் வருவது. 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் ஒரு லாரி ஓட்டுநரின் படத்தை வெளியிட்டது. வயது 69, 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, பள்ளம் பள்ளமாகச் சுருங்கித் தொங்குகிறது. வலது கன்னமோ பல ஆண்டுகள் இளையவருடையது போல இருக்கிறது. ஒரே ஆள், ஒரே வயது, ஒரே சாப்பாடு. கண்ணாடி வழியாகவும் நுழையும் யுவிஏ கதிர் மட்டும் இரு பக்கத்துக்கும் வேறு.

அந்தக் கதிரைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்ற ஊரில், 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் தினமும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும், மற்றவர்கள் விருப்பம்போல. நாலரை ஆண்டு இடைவெளியில் கையின் பின்புறத் தோலைச் சிலிகோனில் அச்செடுத்து, நுண்கோடுகளை ஒப்பிட்டார்கள். தினமும் பூசியவர்களின் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு. 2013இல் வெளியான இந்த முடிவு பல கிரீம்களிடம் இல்லாதது: நீண்ட காலம், ஒப்பீட்டுக் குழு, பூசியவர்களின் அபிப்பிராயத்தை நம்பாத அளவீடு. ஆனால் அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பொட்டு வைப்பதுபோலத் தொட்டுத் தடவினால், டப்பாவில் அச்சிட்ட எஸ்.பி.எஃப். 30 முகத்தில் கிடைக்காது. ஸ்கூட்டரில் போகிறவர்களுக்குத் துப்பட்டாவும் நிழலும் காசில்லாத உதவி.

இன்னொன்று டிரெட்டினாயின். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த இந்த மருந்து, வெயிலால் கெட்ட தோலைச் சீர்படுத்துகிறது என்பதை 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒப்பீட்டுச் சோதனையில் காட்டினார்கள். பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். முதல் வாரங்களில் தோல் சிவந்து உரியும். வெயில் எளிதில் சுடும். இது மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியது. கடையில் கிடைக்கும் ரெட்டினால் அதன் மெதுவான உறவு. பல டப்பாக்களில் எவ்வளவு இருக்கிறது என்பதே எழுதியிருக்காது.

முப்பதுகளில் இருக்கும் பெண்ணிடம் விளம்பரம் சத்தமாகச் சொல்லாத செய்தியும் இதில்தான் இருக்கிறது. கருவுற்றிருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் டிரெட்டினாயின், ரெட்டினால் இரண்டையும் தவிர்க்கும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனவே ‘நைட் கிரீம்’ என்று யார் எதை நீட்டினாலும், டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலில் ‘ரெட்டின்’ என்ற எழுத்துகள் வரும் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் மருத்துவரிடம் கேட்ட பிறகே பூச வேண்டும்.