ஆய்வுச்சுருக்க மொழிபெயர்ப்பில் கலைச்சொல் வரையறை: ‘வினையெச்சம்’ என்னும் சொல்லை முன்வைத்து

முன்னுரை

தமிழில் எழுதப்படும் ஆய்வுக்கட்டுரையுள் தமிழறியாத அறிஞர் படிக்கும் பகுதி பெரும்பாலும் அதன் ஆங்கில ஆய்வுச்சுருக்கம் ஒன்றே. கட்டுரையின் உடற்பகுதியில் ஒரு கலைச்சொல் பிழைபட ஆளப்படின், சான்றுகளும் விளக்கமும் அப்பிழையைத் திருத்திக்கொள்ள உதவும். இருநூறு சொல் அளவினதாகிய சுருக்கத்தில் அத்தகைய துணை இல்லை. அங்கு ஒரு சொல் வழுவினால் ஆய்வின் முடிவே வேறாகிவிடும்.

இலக்கணக் கலைச்சொற்களில் இவ்விடர்ப்பாடு மிகுதி. அகராதி ஒரு தமிழ்ச்சொல்லுக்கு நேராக ஓர் ஆங்கிலச் சொல்லைத் தருகிறது. ஆயினும் அவ்விரு சொற்களும் ஒரே வடிவங்களைக் குறிக்கின்றனவா என்பதை அது பெரும்பாலும் கூறுவதில்லை. ‘வினையெச்சம்’ என்னும் சொல்லைச் சான்றாகக் கொண்டு, கலைச்சொல்லின் பொருட்பரப்பை முதலில் வரையறுத்து, அதன்பின்னரே நிகர்ச்சொல் தேர்வதன் இன்றியமையாமையை இக்கட்டுரை விளக்குகிறது.

வினையெச்சத்தின் பொருட்பரப்பு

தொல்காப்பியம் வினையெச்சத்திற்குச் செய்து, செய்யூ, செய்பு, செய்தென, செய்யியர், செய்யிய, செயின், செய, செயற்கு என ஒன்பது வாய்பாடுகளைக் கூறுகிறது. நன்னூல் செய்து, செய்பு, செய்யா, செய்யூ, செய்தென, செய, செயின், செய்யிய, செய்யியர் என்பவற்றோடு வான், பான், பாக்கு என்னும் ஈறுகளையும் சேர்த்துப் பன்னிரண்டு கூறுகிறது. எண்ணிக்கை வேறுபடினும் அடிப்படை ஒன்றே. வினைகொண்டு முடியும் எச்சவினை எதுவாயினும் அது வினையெச்சம். எனவே ‘உண்டு வந்தான்’ என்பதில் உள்ள உண்டு, ‘உண்ண வந்தான்’ என்பதில் உள்ள உண்ண, ‘உண்ணின் வருவான்’ என்பதில் உள்ள உண்ணின் ஆகிய மூன்றும் வினையெச்சங்களே.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தமிழிலக்கண நூல்கள் இம்மூன்றையும் ஒரே பெயரால் வழங்குவதில்லை. தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழிலக்கணத்தில் செய்து என்பது ‘வெர்பல் பார்ட்டிசிப்பிள்’ எனவும், செய என்பது ‘இன்ஃபினிட்டிவ்’ எனவும், செய்தால் என்பது ‘கண்டிஷனல்’ எனவும் தனித்தனி வகைகளாகின்றன. ஹெரால்டு ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கணம் செய்து வடிவத்தை ‘அட்வெர்பியல் பார்ட்டிசிப்பிள்’ என்கிறது. பெயர் மாறினும் அங்கும் செய என்னும் வடிவம் அதனுள் அடங்குவதில்லை.

ஆகவே ‘வெர்பல் பார்ட்டிசிப்பிள்’ என்பது வினையெச்சத்தின் ஒரு பகுதியையே குறிக்கும் பெயர். பகுதியின் பெயரை முழுமைக்கு இடுவதே இங்கு நிகழும் அடிப்படைப் பிழை. அப்பிழை தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது ஆய்வின் பரப்பைச் சுருக்குகிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது அதனை விரிக்கிறது.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கு

விளக்கத்தின் பொருட்டு ஓர் ஆய்வுச்சுருக்கத்தைக் கற்பித்துக்கொள்ளலாம். அது மூன்று செய்திகளைக் கூறுவதாகக் கொள்க. முதலாவது, குறுந்தொகைப் பாடல்களில் வினையெச்சங்கள் பெறும் முடிபுகளை இவ்வாய்வு ஆராய்கிறது. இரண்டாவது, செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்றும் வினைமுதல் கொண்டு முடிகின்றன. மூன்றாவது, செய என்னும் வினையெச்சம் தன் வினைமுதலையும் பிறிதொரு வினைமுதலையும் கொள்கிறது.

மொழிபெயர்ப்பாளர் வினையெச்சம் வருமிடமெல்லாம் ‘வெர்பல் பார்ட்டிசிப்பிள்’ என எழுதினால் சொல்லொருமை பேணப்பட்டதாகத் தோன்றும். ஆனால் முதல் தொடரைப் படிக்கும் மொழியியலார், ஆய்வு செய்து வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது எனக் கருதுவார். மூன்றாம் தொடரில் ‘இன்ஃபினிட்டிவ்’ என அவர் அறிந்த வடிவம் ‘வெர்பல் பார்ட்டிசிப்பிள்’ எனச் சுட்டப்படுவதைக் கண்டு, ஆய்வாளர் இரு வகைகளையும் மயங்கினார் என முடிவு செய்வார். அதற்கு அஞ்சி மொழிபெயர்ப்பாளர் மூன்றாம் தொடரில் மட்டும் ‘இன்ஃபினிட்டிவ்’ என மாற்றினால், இரண்டு வடிவங்களும் ஒரே இனத்தைச் சார்ந்தவை என்னும் மூலத்தின் அடிப்படைக் கருத்து மறைந்துவிடும். ஒரே எச்சவகையின் உள்ளே அமைந்த முடிபு வேறுபாடு, தொடர்பற்ற இரு வடிவங்களின் வேறுபாடாகத் தோற்றமளிக்கும்.

இதற்குரிய தீர்வு, இனப்பெயரையும் வகைப்பெயரையும் பிரித்தாள்வதாகும். இனப்பெயராகிய வினையெச்சத்தை ஒலிபெயர்த்து நிறுத்தி, முதன்முறை வருமிடத்தில் ‘வினைகொண்டு முடியும் எச்சவினை வடிவங்கள்’ என்னும் பொருள்பட ஒரு குறுந்தொடரை ஆங்கிலத்தில் சேர்த்தல் வேண்டும். வகைகளைச் செய்து வாய்பாடு, செய வாய்பாடு எனத் தமிழ் வாய்பாட்டாலேயே சுட்டி, அவற்றின் அருகே முறையே ‘வெர்பல் பார்ட்டிசிப்பிள்’, ‘இன்ஃபினிட்டிவ்’ என்பவற்றை ஒருமுறை தருதல் வேண்டும். இவ்வாறு செய்தால் சுருக்கத்தில் ஏறத்தாழ பதினைந்து சொற்களே கூடும். மரபிலக்கணம் அறிந்தவரும் மொழியியல் மட்டும் அறிந்தவரும் ஒரே செய்தியைப் பெறுவர்.

மரபிலக்கணம் கூறும் காலப்பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். நன்னூல் தான் கூறும் பன்னிரண்டு வாய்பாடுகளுள் முதல் ஐந்தை இறந்தகாலத்திற்கும், செய என்பதை நிகழ்காலத்திற்கும், எஞ்சிய ஆறை எதிர்காலத்திற்கும் உரியனவாக்குகிறது. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, செய்து என்பதைப் ‘பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்’ எனவும் செய என்பதைப் ‘பிரசன்ட் பார்ட்டிசிப்பிள்’ எனவும் எழுதுதல் பிழையாகும். அவ்விரு பெயர்களும் ஆங்கில இலக்கணத்தில் ஆங்கில வினையின் இரு தனி வடிவங்களுக்கு உரியவை. அவற்றுள் முன்னது செயப்பாட்டு வினையிலும் வருவது. காலம் ஆய்வுப்பொருளாக இல்லாதபோது சுருக்கத்தில் காலப்பெயரை விடுத்து வாய்பாட்டை மட்டும் கூறுவதே தக்கது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

தற்காலத் தமிழின் துணைவினைகளைப் பற்றிய ஓர் ஆங்கிலச் சுருக்கத்தை அடுத்துக் கருதலாம். விடு, கொள் போன்ற துணைவினைகள் ‘வெர்பல் பார்ட்டிசிப்பிளை’ அடுத்து வருகின்றன என்றும், வேண்டும், முடியும் போன்றவை ‘இன்ஃபினிட்டிவை’ அடுத்து வருகின்றன என்றும் அது கூறுவதாகக் கொள்க. முன்னதற்கு ‘வந்துவிடு’ என்பதும் பின்னதற்கு ‘வரவேண்டும்’ என்பதும் சான்றாகும்.

முன்னதை ‘வினையெச்சம்’ எனப் பெயர்த்தால் அவ்வாய்வின் பாகுபாடு தமிழில் நிலைபெறாது. தமிழ் படித்தவருக்கு ‘வர’ என்பதும் வினையெச்சமே. ‘சில துணைவினைகள் வினையெச்சத்தை அடுத்து வருகின்றன, சில வேறொன்றை அடுத்து வருகின்றன’ என்னும் கூற்று அவருக்குப் பொருந்தாக் கூற்றாகவே தோன்றும். ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’, ‘செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ எனப் பெயர்த்தால் மூலத்தின் பாகுபாடு தெளிவாக நிலைபெறும். சுருக்கம் முழுவதும் இவ்விரு தொடர்களையே ஆளுதல் வேண்டும்.

இவ்விடத்தில் சொல் நீளத்தைக் குறைக்கும் நோக்கில் ‘எச்சம்’ எனச் சுருக்குதல் கூடாது. தொல்காப்பிய எச்சவியலில் எச்சம் பத்து வகைப்படும். பிரிநிலை, ஒழியிசை, எதிர்மறை, உம்மை முதலியனவும் அங்கு எச்சங்களே. நடையழகிற்காக ஓரிடத்தில் எச்சம், ஓரிடத்தில் எச்சவினை, ஓரிடத்தில் குறைவினை என மாற்றி மாற்றி எழுதினால், படிப்பவர் மூன்று வேறு கருத்துகள் பேசப்படுவதாகக் கொள்வார். இலக்கிய உரைநடையில் சிறப்பெனப்படும் சொல்மாற்று, ஆய்வுச்சுருக்கத்தில் குற்றமாகிறது.

அண்மைய நிகர்ச்சொல்லும் அதன் எல்லையும்

வகைப்பாட்டு மொழியியலில் ‘கன்வெர்ப்’ என்னும் சொல் வழங்குகிறது. முற்றுப்பெறாத வினைவடிவமாய், வினையடையாக அமையும் சார்நிலையைக் காட்டுவதையே முதன்மைப் பணியாகக் கொண்டது கன்வெர்ப் என ஹாஸ்பெல்மத் வரையறுத்தார். அவரும் கோனிக்கும் பதிப்பித்த 1995ஆம் ஆண்டுத் தொகுப்பு இவ்வழக்கைப் பரப்பியது. செய்து, செயின் ஆகியவற்றோடு ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்பது போன்ற தொடர்களில் வரும் செய வடிவத்தின் பயன்பாட்டையும் இது உள்ளடக்குவதால், ‘வெர்பல் பார்ட்டிசிப்பிளை’ விட இது வினையெச்சத்திற்கு நெருக்கமானது.

எனினும் முழு நிகர் அன்று. ‘வரவேண்டும்’ என்பதில் உள்ள ‘வர’ மரபிலக்கணப்படி வினையெச்ச வடிவம். அங்கு அது வினையடைப் பணி செய்யாமையால் கன்வெர்ப் எனப்படாது. மரபுச்சொல் வடிவத்தையும் முடிபையும் நோக்குகிறது; புதிய சொல் தொடரியற் பணியை நோக்குகிறது. எனவே பிறமொழிகளோடு ஒப்பிடும் ஆய்வில் ‘கன்வெர்ப்’ என்பதைக் கொண்டு, ஆராயப்பட்ட வாய்பாடுகளையும் பெயர்சுட்டிக் கூறலாம். உரையாசிரியர் கருத்தை ஆராயும் கட்டுரையில் அச்சொல் ஏற்புடையதன்று.

பெயரெச்சத்திலும் இதே ஆய்வு தேவைப்படுகிறது. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் ஆண்ட ‘ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்’ என்பதும், பிற்காலத்தார் ஆளும் ‘அட்ஜெக்டைவல் பார்ட்டிசிப்பிள்’ என்பதும் செய்த, செய்கின்ற போன்ற வடிவங்களையே குறிக்கின்றன. ஆதலின் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து நிலையாக ஆளலாம். ஆயினும் ‘நல்ல’ என்பதை மரபிலக்கணம் குறிப்புப் பெயரெச்சமாகக் கொள்ள, மொழியியலார் பலர் அதனைப் பெயரடை என்பர். ஆய்வில் அத்தகைய வடிவங்களும் இடம்பெற்றிருப்பின் அதனைச் சுருக்கத்தில் கூறியாக வேண்டும்.

செயல்முறையும் சரிபார்ப்பும்

மொழிபெயர்ப்பைத் தொடங்குமுன் நான்கு பத்தி கொண்ட சொற்பட்டியல் ஒன்றை அமைத்தல் நலம். முதற்பத்தியில் மூலக் கலைச்சொல்லும், இரண்டாவதில் இவ்வாய்வில் அச்சொல் உள்ளடக்கும் வடிவங்களும், மூன்றாவதில் தேர்ந்த நிகர்ச்சொல்லும், நான்காவதில் விலக்கிய சொல்லும் விலக்கியதன் காரணமும் இடம்பெறும். இரண்டாம் பத்தியை நிரப்ப இயலாவிடின், கட்டுரையாசிரியரே சொல்லை வரையறுக்கவில்லை என்பது பொருள். அந்நிலையில் மொழிபெயர்ப்பாளர் தாமே ஊகித்து எழுதாமல் ஆசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

ஒலிபெயர்ப்பிலும் ஒருமை வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறைப்படி வினையெச்சம் `viṉaiyeccam` என எழுதப்படும். சுருக்கத்தில் இவ்வாறும் திறவுச்சொற்களில் `vinaiyecham` என்றும் எழுதினால் கணினித் தேடலில் இரண்டும் இருவேறு சொற்களாகக் கொள்ளப்படலாம். குறியிட்ட வடிவத்தைத் தட்டச்சு செய்யாதவரும் கட்டுரையைக் கண்டடைய, திறவுச்சொற்களில் ஆங்கில வகைப்பெயர்களையும் சேர்த்தல் தகும்.

இறுதியில், மூலத்தைப் பார்த்திராத ஒருவர் மொழிபெயர்ப்பை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்தல் வேண்டும். மீள்மொழிபெயர்ப்பில் ‘செய என்னும் வினையெச்சம்’ என்னுமிடத்தில் ‘பெயரெச்சம்’ என்றோ ‘தொழிற்பெயர்’ என்றோ வந்தால் நிகர்ச்சொல் தவறியது தெளிவு. வெறும் ‘வினையெச்சம்’ என வந்தால் வகைப்பெயர் விடுபட்டது என அறியலாம். நடை வேறுபாடுகளை இச்சோதனையில் பொருட்படுத்த வேண்டியதில்லை.

முடிவுரை

ஒரு சொல்லுக்கு ஒரே நிகர் என்னும் ஒருமை மட்டும் மொழிபெயர்ப்பைச் சரியாக்குவதில்லை. பிழையான நிகரை ஒரே சீராக ஆண்டால் பிழையே சீராகப் பரவும். வினையெச்சம் போன்று இரு இலக்கண மரபுகள் இருவேறாகப் பகுக்கும் பொருளில், இனத்தை மரபுப்பெயராலும் வகையை வாய்பாட்டாலும் சுட்டி, அவற்றின் அருகே மறுமரபின் பெயரை ஒருமுறை தருவதே ஆய்வுச்சுருக்கத்தின் குறுகிய எல்லைக்குள் இயலக்கூடிய நெறியாகும். இந்நெறியைக் கொள்ளும்போது, படிப்பவர் எந்த மரபினராயினும் எவ்வடிவங்கள் ஆராயப்பட்டன என்பதில் ஐயம் கொள்ளார்.