ஜெயிக்கப்போவது யார்?

“குமார் நான் ஜெயிப்பேன்னு சொன்னான்.”

ஜெயிக்கப்போவது குமாரா, இதை நம்மிடம் சொல்பவரா? இரண்டு விதமாகவும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் வராது. குமார் தன்னைப் பற்றிச் சொன்னால் ‘குமார் செட் தட் ஹி வுட் வின்’. என்னைப் பற்றிச் சொன்னால் ‘ஹி’ போய் ‘ஐ’ வரும்.

காரணம் அந்த ‘ன்னு’வில் இருக்கிறது. எழுத்தில் ‘என்று’, யாழ்ப்பாணத்தார் பேச்சில் ‘எண்டு’. ‘சொல்’ எனப் பொருள்படும் ‘என்’ என்ற வினையின் எச்சம் இது. வேலை மாறினாலும் பழைய குணம் போகவில்லை. ஒருவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே நிறுத்தி, அதன் பின்னால் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தின் ‘தட்’ சுட்டுச்சொல்லிலிருந்து வந்தது. வாக்கியத்துக்கு முன்னால் நிற்கும். அதற்குப் பின்னால் எல்லாமே சொல்பவரின் கண்ணோட்டத்துக்கு மாறியாக வேண்டும்: குமாரின் ‘ஐ’ ‘ஹி’ ஆகும், ‘வில்’ பெரும்பாலும் ‘வுட்’ ஆகும். பள்ளியில் நம்மை வாட்டிய அயற்கூற்றுப் பயிற்சி முழுக்க இந்த மாற்றம்தான். தமிழில் ‘ஜெயிப்பேன்’ ஜெயிப்பேனாகவே இருக்கலாம்.

‘தட்’டுக்குள் ஏவலை அப்படியே வைக்கவும் முடியாது. நாமோ “போடான்னு சொன்னான்”, “யாருன்னு கேட்டான்” என எதையும் வைக்கிறோம். சொன்னதாக ஒரு வினைகூட வேண்டியதில்லை: “மழை வரும்னு குடை எடுத்தேன்.” நினைத்தேன் என்பது ‘ன்னு’வுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

சரி, குமாரின் குழப்பத்தை எப்படித் தீர்ப்பது? பேச்சில் பலர் ‘நானை’ விட்டுவிடுவார்கள்: “ஜெயிப்பேன்னு குமார் சொன்னான்.” இப்போது கேட்பவர் மனம் குமாரிடமே போகும். இன்னும் உறுதியான வழி, “தான் ஜெயிப்பேன்னு குமார் சொன்னான்” என்பது. இதை உற்றுப் பாருங்கள். ‘தான்’ படர்க்கை, ‘ஜெயிப்பேன்’ தன்மை. தனி வாக்கியமாக ‘தான் ஜெயிப்பேன்’ என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். ‘ன்னு’வுக்குள் போனதும் அது சரியாகிவிடுகிறது, எழுவாய் குமாரை வெளியிலிருந்து காட்ட, விகுதி அவன் குரலில் பேசுகிறது. மொழியியலாளர்கள் இதை விளக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் பாட்டிமார் யோசிக்காமலே பேசினார்கள்.

பத்திரிகைகளுக்குப் பிடித்தது ‘ஆக’: “தான் ஜெயிக்கப்போவதாகக் குமார் கூறினார்.” திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியே இல்லாததால் மோதல் இல்லை. ஆனால் குரலும் போய்விடும். ‘போடா’வையோ ‘ஐயோ’வையோ ‘ஆக’வுக்குள் திணிக்க முடியாது. திட்டியதைச் செய்தியாக்கும்போது நிருபர் மறுபடி ‘என்று’விடம் வந்துதான் ஆகவேண்டும்.

ஆங்கிலம் எல்லாவற்றிலும் தெளிவு என்றும் சொல்லிவிட முடியாது. ‘ஹி வுட் வின்’ என்றதில் அந்த ‘ஹி’ குமாரா, பக்கத்து வீட்டுப் பையனா? இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். தமிழில் ‘தான்’ என்றால் குமார். ‘அவன் ஜெயிப்பான்னு குமார் சொன்னான்’ என்றால் பெரும்பாலும் வேறொருவன்.