நீளமான சுவரில் தொடங்குங்கள்

மாடி கட்டலாம் என்று முடிவானதும் வீட்டில் முதலில் தேடுவது பழைய பிளானைத்தான். பெரும்பாலும் கையில் கிடைப்பது அதன் ஜெராக்ஸை யாரோ செல்போனில் எடுத்து அனுப்பிய படம். அதன் மூலையில் ‘1 அங்குலம் = 8 அடி’ என்று எழுதியிருக்கும். அந்தக் குறிப்பு அசல் தாளுக்கு மட்டுமே பொருந்தும். படமாக மாறிவிட்ட பிளானில் அங்குலம் கிடையாது, இருப்பதெல்லாம் புள்ளிகள். எத்தனை புள்ளி சேர்ந்தால் ஓர் அடி என்பதை நாம்தான் கணினிக்குச் சொல்ல வேண்டும்.

வெளிப்புறம் 30 அடி அகலமும் 40 அடி நீளமும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆட்டோகேடில் முதலில் `UNITS` கட்டளை மூலம் அடி-அங்குல முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, `IMAGEATTACH` மூலம் படத்தைக் கொண்டுவருகிறோம். பிறகு `SCALE` கொடுத்து, படத்தைத் தேர்ந்து, ஒரு மூலையைத் தொட்டு, `R` என்று தட்டுகிறோம். நீளச் சுவரின் இரு முனைகளையும் தொட்டுக் காட்டி `40'` என்று எழுதினால், படம் முழுவதும் அதற்கேற்பப் பெரிதாகிவிடும். அடியைக் குறிக்கும் அந்த ஒற்றைக் கோட்டை விட்டுவிட்டால் வீடு 40 அங்குலமாகச் சுருங்கிவிடும்.

வாசல் கதவு 3 அடி என்று தெரியும்போது அதையே அளவாக வைத்தால் என்ன? படத்தில் 40 அடிச் சுவர் 1,200 புள்ளிகள் நீளம் என்று கொள்வோம். அப்படியானால் ஓர் அடிக்கு 30 புள்ளிகள், கதவுக்கு 90. முனையைத் தொடும்போது கை இரண்டு புள்ளி தவறுவது சாதாரணம். கதவை வைத்து அளவு கொடுத்தால், அந்த இரண்டு புள்ளித் தவறு 40 அடிச் சுவரில் ஏறக்குறைய 11 அங்குலமாக வளர்ந்துவிடும். நீளச் சுவரை வைத்துக் கொடுத்தால் அதே தவறு ஓர் அங்குலத்தைக்கூடத் தொடாது. பரப்பளவில் இந்தப் பிழை ஏறத்தாழ இரட்டிக்கும்: 1,200 சதுர அடி வீட்டில் 50 சதுர அடிக்கு மேல் வித்தியாசம் வரும்.

அளவு கொடுத்தவுடன் கோடு போடத் தொடங்கக் கூடாது. மற்ற மூன்று பக்கங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் `DIST` கொண்டு அளக்க வேண்டும். இந்த வீட்டில் மூலைவிட்டம் ஒவ்வொன்றும் 50 அடி வர வேண்டும். மூலமட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பிடிக்கும் 3-4-5 கணக்கேதான். இரண்டு அகலங்களும் ஒரே மாதிரி 29 அடி 4 அங்குலம் காட்டினால், படம் ஒரு திசையில் மட்டும் நசுங்கியிருக்கிறது. படத் திருத்த மென்பொருளில் அகலத்தை மட்டும் 1.023 மடங்கு ஆக்கினால் சரியாகும். மேல் பக்கம் ஓர் அளவும் கீழ்ப் பக்கம் வேறோர் அளவும் காட்டினால், செல்போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் அது. அகலத்தை இழுத்தோ குறைத்தோ அதைச் சரிசெய்ய முடியாது. தாளை ஸ்கேன் செய்து மறுபடி தொடங்குவதே நல்லது.

அடுத்தது கோடு இழுப்பது. படத்தைத் தனி லேயரில் வைத்துப் பூட்டிவிட்டு, `F8` அழுத்தினால் கோடுகள் நேராக வரும். புதியவர்கள் செய்யும் தவறு, படத்துக் கோட்டின் மேலேயே ஒட்டி ஒட்டி இழுப்பது. படத்தில் ஒரு கோடே மூன்று புள்ளி தடிமன் இருக்கும். நம் கணக்கில் அது ஓர் அங்குலத்துக்கும் மேல். எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பதைப் படத்தில் பாருங்கள். எவ்வளவு என்பதை அதில் எழுதியிருக்கும் எண்ணிலிருந்து எடுத்துத் தட்டுங்கள்.

எண்கள் படம் சொல்லாததையும் சொல்லும். அகலவாட்டில் ஹால் 16 அடி, படுக்கையறை 12 அடி என்று எழுதியிருக்கிறது. வெளிச்சுவர்கள் 9 அங்குலம். நடுச்சுவர் வழக்கமான நாலரை அங்குலம் என்று வைத்துக் கூட்டினால், 30 அடிக்கு ஒன்றரை அங்குலம் குறைகிறது. 6 அங்குலம் என்று வைத்தால் கணக்கு மிச்சமின்றி நிற்கிறது. அந்தச் சுவர் செங்கல்லால் அல்ல, 6 அங்குல சிமென்ட் கல்லால் கட்டத் திட்டமிட்டதாக இருக்கலாம். தடித்த கோடுகளுக்கிடையே நாலரைக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். கூட்டல் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அதுவும் தாளில் இருக்கும் வீடுதான். கட்டும்போது சுவர் தள்ளிப்போயிருக்கலாம், ஜன்னல் இடம் மாறியிருக்கலாம். ஆகவே, வரைந்ததை அச்செடுத்துக்கொண்டு டேப்போடு வீட்டுக்குள் போய், முதலில் அந்த நடுச்சுவரின் வாசல் நிலையருகே தடிமனை அளந்துபாருங்கள். இருபுறப் பூச்சும் சேர்ந்து ஓர் அங்குலம்போல் கூடுதலாகக் காட்டும். அதைக் கழித்த பிறகு வரும் எண்தான் மாடிக்கான வரைபடத்தில் ஏற வேண்டிய எண்.