கண் இமைத்தால் மூளை அலை எழுமா?

காதில் ஒரே மாதிரி 'டிக், டிக்' என்று ஒலி வந்துகொண்டே இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை வேறு சுருதியில் ஒன்று ஒலிக்கிறது. அதைக் கேட்ட சுமார் 300 மில்லிவினாடியில் உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னே 10 மைக்ரோவோல்ட் அளவில் ஓர் அலை எழும். பி300 என்ற அந்த அலையைத்தான் இ.இ.ஜி. பதிவில் தேடுகிறோம்.

தேடும்போது குறுக்கே வருவது கண் இமை. கண்விழியின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட நேர்மின் தன்மை கொண்டது. இமை அதன்மேல் சரியும்போது அந்த மின்னழுத்தம் நெற்றிக்குப் பரவி, 100 மைக்ரோவோல்ட்டுக்கும் மேலான மேடாகப் பதிவாகும். போதாததற்கு, பலர் புது ஒலியைக் கேட்ட கையோடு இமைப்பார்கள். அதனால் நூறு பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் இமைப்பு மறையாது. பி300 போலவே நின்றுவிடும்.

மெதுவான அலைகளை வடிகட்டிவிட்டால் ஆகாதா? பி300-உம் மெதுவான அலைதான். 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் அதுவும் சுருங்கும். அதன் இருபுறமும் இல்லாத பள்ளங்கள் முளைக்கும். ஆகவே பதிவை இரண்டு பிரதியாக்குவார்கள். ஒன்றை 1 ஹெர்ட்ஸில் வெட்டி, கலந்த சமிக்ஞைகளைப் பிரிக்கும் ஐ.சி.ஏ. கணிப்புக்குக் கொடுப்பார்கள். நெற்றியில் வலுத்து, பின்னே போகப்போக மங்கி, ஒவ்வொரு இமைப்பிலும் துள்ளும் கூறு எதுவோ, அதுவே கண். அப்படிக் கற்ற பிரிப்பை, 0.1 ஹெர்ட்ஸில் மட்டும் வெட்டிய இன்னொரு பிரதியில் பொருத்தி, அந்தக் கூறைக் கழிப்பார்கள். சரியாகக் கழிந்ததா என்று பார்க்க, இமைத்த கணங்களை மட்டும் சேர்த்துச் சராசரி எடுக்கலாம். நெற்றியில் மேடு மிஞ்சினாலோ பள்ளம் விழுந்தாலோ, கழிப்பு சரியில்லை.

தசை இவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. தாடை, நெற்றி, கழுத்துத் தசைகள் பல. அவற்றின் இரைச்சல் சுமார் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை பரவும். 2007-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் தன்னார்வலர்களின் தசைகளை மருந்தால் தற்காலிகமாக முடக்கிப் பதிவு செய்தார்கள். உச்சந்தலையில் பதிவாகும் 20 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளில் பெரும்பகுதி தசையிலிருந்து வருவது தெரிந்தது. பி300-ஐத் தேடுபவர் 30 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிட்டுப் போகலாம். காமா அலையைத் தேடுபவருக்கு அந்த வசதி இல்லை. பல்லைக் கடிக்காமல், தோளைத் தளர்த்தி உட்காரச் சொல்வதே அவருக்கு முதல் மருந்து.

கடைசியாக, எதோடு ஒப்பிட்டு அளக்கிறோம் என்ற கேள்வி. இ.இ.ஜி.யில் ஒவ்வொரு எண்ணும் இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசம். காதின் பின்னெலும்பை ஒப்புப்புள்ளியாக வைத்தால் கழுத்துத் தசையின் இரைச்சல் எல்லா மின்முனைகளிலும் ஏறும். எல்லா மின்முனைகளின் சராசரியை ஒப்புப்புள்ளியாக்கினால் வேறொரு வம்பு. 32 மின்முனைகளில் ஒன்று கழன்று 320 மைக்ரோவோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள். சராசரியில் அதன் பங்கு 10. மற்ற 31 மின்முனைகளிலும் அந்த 10 கழிந்துவிடும். நாம் தேடிய பி300-இன் உயரமும் அவ்வளவுதான். அதனால் கெட்ட மின்முனையை நீக்கிய பிறகே சராசரி எடுக்க வேண்டும்.