ஒரு சுற்று போதாத ஸ்பின்

எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா என்றால், உடலிலுள்ள நீரின் புரோட்டான்களுடைய ஸ்பின் அந்தப் புலத்தை அச்சாகக் கொண்டு நொடிக்குச் சுமார் 6 கோடியே 39 லட்சம் முறை சுற்றும். இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

ஒரு புரோட்டானின் ஸ்பின்னை விவரிக்க a, b என்ற இரண்டு சிக்கலெண்கள் போதும். ஒவ்வொன்றையும் ஒரு கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளலாம். புலத்தின் திசையில் அளந்தால் 'மேல்' என்று விடை வரும் நிகழ்தகவு a முள்ளின் நீளத்தின் வர்க்கம். 'கீழ்' என்பதற்கு b. முள் காட்டும் கோணம்தான் கட்டம். தொடக்கப் பாடங்களில் பலரும் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

புலம் மாறாமல் இருந்தால் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் a-யும் b-யும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இரண்டு நிலைகளுக்கும் ஆற்றல் வேறு என்பதால், முட்கள் எதிரெதிர்ப் பக்கமாகச் சுழலும்:

a(t) = a(0) e^(iωt/2)
b(t) = b(0) e^(−iωt/2)
ω = γB

B புலத்தின் வலிமை; γ புரோட்டானுக்கே உரிய மாறிலி. முட்களின் நீளம் மாறாததால் 'மேல்', 'கீழ்' நிகழ்தகவுகளும் மாறுவதில்லை. அதாவது, இந்தச் சமன்பாட்டின்படி ஸ்பின் புலத்தின் பக்கம் சாய்ந்து அடங்கிவிடாது. முட்களுக்கு இடையிலான கோணம் மட்டுமே ω வேகத்தில் வளரும்.

முதலில் ஸ்பின் பக்கவாட்டில் இருந்ததாக வைப்போம். இரண்டு முட்களும் சம நீளம், ஒரே கோணம். t நேரம் கழித்து அதே திசையில் அளந்தால், பழைய திசையிலேயே கிடைக்கும் நிகழ்தகவு cos²(ωt/2). ωt 180° ஆகும்போது அது சுழியம். ஸ்பின் நேர் எதிர்த்திசைக்குப் போய்விட்டது. 360° ஆனால் மறுபடியும் ஒன்று. 1.5 டெஸ்லாவில் இந்த முழுச் சுற்றுக்கு 15.7 நானோநொடி போதும். உண்மையான உடலில் இடத்துக்கு இடம் புலம் சற்றே மாறுபடுவதால், சேர்ந்து கிளம்பிய புரோட்டான்கள் சீக்கிரமே தாளம் தவறிவிடும்.

அந்த முழுச் சுற்றின் முடிவில் ஒவ்வொரு முள்ளும் 180° மட்டுமே திரும்பியிருக்கும். a, b இரண்டுமே −1 ஆல் பெருக்கப்பட்டுவிட்டன. பெருக்கம் இரண்டுக்கும் பொதுவானதால், அந்தத் துகளை மட்டும் எப்படி அளந்தாலும் இது தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க, சுற்றாத இன்னொரு பங்கு வேண்டும்.

1975-இல் ஹெல்முட் ராஉக் குழு, பிரான்சின் கிரனோபிள் உலையில் அதைச் செய்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆன்டன் சைலிங்கரும் அக்குழுவில் இருந்தார். சிலிக்கான் படிகத்தால் நியூட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதையில் மட்டும் காந்தப்புலம் வைத்துப் பிறகு சேர்த்தார்கள். நியூட்ரானுக்கு γ வேறு என்றாலும் சமன்பாடு அதேதான். ஸ்பின் 360° சுற்றியபோது, சேர்ந்து வலுக்க வேண்டிய அலைகள் ஒன்றையொன்று அழித்தன. பழைய நிலை திரும்பியது 720°-க்கு அருகில்தான். அந்தக் கற்றையில் ஸ்பின்கள் ஒரே திசையில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கவும் இல்லை. எந்தத் திசையில் கிளம்பினாலும் முழுச் சுற்றுக்குக் கிடைப்பது அதே −1 என்பதால், அதற்குத் தேவையும் இருக்கவில்லை.