ஒரே குருமா, நான்கு ருசி

நான்கு பேருக்கான காய்கறி குருமா அடுப்பில் இருக்கிறது. வெங்காயமும் தக்காளியும் நன்றாக வதங்கி, மசாலாவின் பச்சை வாடை போய், காயும் வெந்துவிட்டது. ஆனால் ஊற்றிய இரண்டு டம்ளர் தண்ணீர் தனியாகவும் காய் தனியாகவும் நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நாம் எதைப் போடுகிறோமோ, அது உப்பையும் காரத்தையும் கூட மாற்றிவிடும். அதனால் கெட்டியாக்கும் பொருள் உள்ளே போய்க் கொதித்த பிறகுதான் உப்பை முடிவுசெய்ய வேண்டும்.

முந்திரி என்றால் 10, 12 பருப்பு போதும். வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, விரலில் தேய்த்தால் நெறுநெறுக்காத அளவுக்கு அரைக்க வேண்டும். முந்திரியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு இருக்கிறது, மாவுச்சத்தும் இருக்கிறது. கொதிக்கும்போது மாவுச்சத்து நீரை இழுத்து உப்புகிறது. கொழுப்பு நாக்கில் மெல்லப் படர்கிறது. மிளகாயின் காரம் கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் உறைப்பு தணியும், தக்காளியின் புளிப்பும் அடங்கும். வழக்கமாகப் போடும் மிளகாய்த்தூளோடு இன்னும் அரை டீஸ்பூன் சேர்த்தால்தான் குருமா எடுப்பாக இருக்கும். விழுதைப் போட்டதும் தீயைக் குறைத்துவிட வேண்டும், ஏனென்றால் அது அடியில் தங்கிச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் எண்ணெய் முத்து முத்தாகத் தலைகாட்டினால் பதம் வந்துவிட்டது. முந்திரி கூடிப்போனால் குழம்பு தித்திக்கும். இறக்கியபின் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ஓரளவு சரியாகும்.

இட்லிக்கும் பரோட்டாவுக்கும் எனக்குப் பொட்டுக்கடலை போட்ட குருமாதான் பிடிக்கும். 1 டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலையைத் தேங்காய், பச்சை மிளகாய், சோம்போடு சேர்த்து அரைத்து ஊற்றினால் போதும். ஏற்கெனவே வறுபட்ட பருப்பு என்பதால் பச்சை வாடை வராது. முந்திரியின் வழவழப்பு இதில் இல்லை; வறுத்த பருப்பின் மணமும் லேசான மாவுத்தன்மையும் உண்டு, காரமும் முன்னே நிற்கும். மாவாகப் போடுவதானால் குளிர்ந்த நீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கொதிக்கும் குழம்பில் நேராகத் தூவினால் கட்டி தட்டும். அந்தக் கட்டியைக் கரண்டியால் நசுக்கினால் உள்ளே உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். அளவு மீறினால் பட்டை, சோம்பு வாசனை அடங்கி, சூடான சட்னியைச் சாப்பிடுவது போலாகிவிடும். அடுப்பை அணைத்த பிறகும் இது இறுகிக்கொண்டே போகும். ஆகவே சற்று நீர்க்க இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். பூரி மசாலுக்குக் கரைத்து ஊற்றும் கடலை மாவு வேறு. அது வறுக்காத பருப்பின் மாவு, நன்றாகக் கொதித்தால்தான் பச்சை வாடை போகும்.

கசகசாவில் மாவுச்சத்து மிகக் குறைவு. அதனால் அது முந்திரியைப் போல உப்பிக் கெட்டியாவதில்லை. அரைபட்ட நுண்துகள்களும் எண்ணெயும் நீரில் கலந்து நிற்பதால்தான் குழம்பு கனக்கிறது. 2 டீஸ்பூன் போதும். மிக்ஸியில் தனியாகப் போட்டால் பிளேடில் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காயோடு அரைப்பதுதான் வழி. வறுப்பவர்கள் நிறம் மாறும்வரை காத்திருக்கக் கூடாது, கசந்துவிடும். நல்ல கசகசா மிளகையும் சோம்பையும் மறைக்காது, அடியில் ஒரு கொட்டைப்பருப்பு வாசனையை மட்டும் தரும். கறிக்குழம்புக்கு இது அவ்வளவு பொருந்துவது அதனால்தான். எண்ணெய் அதிகமுள்ள விதை என்பதால் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். கொஞ்சமாக வாங்கி, மோந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசாவுக்குத் தடை இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பெட்டியில் இதையோ, இது கலந்த மசாலாப் பொடியையோ எடுத்துச் செல்லக் கூடாது.

சோளமாவு முழுக்க மாவுச்சத்துதான். 2 டீஸ்பூனைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றி, ஒரு நிமிடம் கொதித்தால் குழம்பு பளபளக்கும். தனக்கென ருசியோ கொழுப்போ இல்லாததால் காரமும் புளிப்பும் கொஞ்சமும் தணியாமல் நாக்கில் படும். கோபி மஞ்சூரியனுக்கு வேண்டியது அதுதான். குருமாவிலோ அது வழுக்கிக்கொண்டு போகும், நான் போடுவதில்லை. தக்காளி அதிகமுள்ள குழம்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் மறுபடி நீர்த்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் தண்ணீர் பிரியும்.

விருந்து என்றால் 6 முந்திரியும் 1 டீஸ்பூன் கசகசாவும் சேர்த்து அரைத்துப் பாருங்கள். தித்திப்பு தூக்காது, வழவழப்பும் கிடைக்கும். எதைப் போட்டுக் குருமா இறுகிப்போனாலும் வெந்நீர் ஊற்றி ஒரு கொதி விட்டு, உப்பை மறுபடி பார்த்துவிட்டு இறக்கினால் போதும்.